பள்ளிக்கூடத்துப் பக்கம் தையல்கடை போடுகிறவர்களுக்கு: வளர்த்தியை எங்கே வைப்பது?

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் கடை போட்டாலும் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். என் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று. மே மாதம் பாதி தாண்டியதும் துணிப் பையோடு அம்மாமார் வந்து நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு வர்ற மாதிரி வளத்தியா தச்சிருங்க."

புதிதாகக் கடை போட்டவர் இதைக் கேட்டதும் இடுப்பில் ரெண்டு இஞ்சு, நீளத்தில் மூணு இஞ்சு கூட்டித் தைத்துவிடுவார். பையன் ஜூனில் அதைப் போட்டால் கோணிச் சாக்கு போல் தொங்கும். அடுத்த ஜூனில் துணி வெளுத்த பிறகுதான் அளவு சரியாக வரும். வளர்த்தி வெளியே தெரியக்கூடாது. பிள்ளைக்கு இன்றைய அளவில் தைத்து, அடுத்த வருடத்துக்கான துணியைத் தையலுக்கு உள்ளே மடித்து வைக்க வேண்டும். பெரியவருக்குத் தைக்கும் பேண்டுக்கும் பள்ளிப் பேண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: பள்ளிப் பேண்ட் ஒருநாள் பிரிக்கப்படும் என்று தெரிந்தே தைக்கப்படுகிறது.

எவ்வளவு வளரும்?

ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் கூடுவார்கள். அப்புறம் ஒரு வேகம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கு அது 11, 12 வயதை ஒட்டி வரும். பையன்களுக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து வரும். அந்த வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர் கூடுவதும் உண்டு. இந்த உயரம் முழுக்கப் பேண்டில் சேராது. பேண்டின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம். அதனால் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வருடத்துக்கு ஒன்றரை இஞ்சுக்குள் போதும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ரெண்டு இஞ்சு வேண்டியிருக்கும், சில சமயம் அதுவும் பற்றாது. அதனால் நான் வகுப்பைக் கேட்காமல் அளவு எடுப்பதில்லை. கூடவே அப்பா உயரமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பேன்.

அளவு எடுக்கும்போது

பேண்டுக்கு அளவு எடுப்பதென்றால் பள்ளி ஷூவைப் போட்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு எடுத்த அளவுக்கும் ஷூவோடு எடுத்த அளவுக்கும் அரை இஞ்சு வித்தியாசம் வரும். பெல்ட்டை எங்கே கட்டுகிறான் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். அம்மா தொப்புளுக்கு மேலே காட்டுவார், அவன் போடுவது அதற்கு ரெண்டு இஞ்சு கீழே இருக்கும். டேப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "எந்த கிளாஸ், மிஸ் பேரென்ன" என்று பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்லும்போது வயிறு தானாக விட்டுக்கொடுக்கும், அப்போது டேப்பைப் படியுங்கள்.

பெரிய பெண் பிள்ளைகளுக்கு நான் அளவு எடுப்பதில்லை. கடையில் பட்டன் கட்டும் அக்கா எடுப்பார். அவர் இல்லாத நாளில் நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதை மேசையில் விரித்து அளந்துகொள்வேன். அந்த உடுப்பு எந்த வருடம் தைத்தது, இப்போது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பேண்டை முழுதாகப் பார்ப்போம்

ஏழாம் வகுப்புப் பையன், 12 வயது. ஷூவோடு நீளம் 35, இடுப்பு 25, சீட் 31.

முதலில் துணி. பேண்ட் துணி 58 இஞ்சு அகலம். இந்த அளவுக்குக் கடையில் ஒரு மீட்டர் கிழித்துக் கொடுப்பார்கள். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். முடிந்த நீளம் 35½ என்று வைத்துக்கொள்வோம், அந்தக் கூடுதல் அரை இஞ்சு எதற்கென்று பின்னால் சொல்கிறேன். அதில் இடுப்புப் பட்டி 1½ போனால் கால் 34. பட்டியோடு சேர்க்க மேலே அரை இஞ்சு, கீழே மடிப்புக்கு 3½. மொத்தம் 38 இஞ்சு. ஒரு மீட்டர் என்பது 39 இஞ்சுக்குச் சற்று மேல். பார்த்தால் போதும் போலத் தெரியும். ஆனால் கடையில் கிழித்த ஓரம் நேராக இருக்காது, கோணலைச் சரிசெய்ய வெட்டினால் ஒரு இஞ்சு போய்விடும். 1 மீட்டர் 10 வாங்கி வரச் சொல்லுங்கள். அந்த நாலு இஞ்சுதான் அடுத்த வருடத்துக் கால்.

கீழ் மடிப்புக்கு 3½ இஞ்சு விட்டாயிற்று. இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கால் கீழே போகப் போக ஒடுங்குகிறது. அப்படியே ஒடுங்கிக்கொண்டே 3½ இஞ்சு நீட்டி வெட்டினால், மடித்து மேலே கொண்டுவரும்போது மடிப்புத் துணி குறுகலாக இருக்கும், மேலே கால் அகலமாக இருக்கும். மடிப்பு இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். பிள்ளைகளின் பேண்டுக்கு நான் கடைசி ஏழெட்டு இஞ்சை ஒடுக்காமல் நேராக விட்டுவிடுவேன். மடிப்பும் படியும், பிறகு இறக்கினாலும் உருவம் கெடாது.

இடுப்பில் துணி வைக்கிற இடம் பின் நடுத் தையல். பட்டி அருகே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இஞ்சு விட்டு, கீழே இறங்க இறங்கக் குறைத்து, கவட்டைக்கு வரும்போது அரை இஞ்சாக முடிக்க வேண்டும். பிறகு பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு இஞ்சு வீதம் இடுப்பில் ரெண்டு இஞ்சு கிடைக்கும். ஆனால் காலில் மட்டும் துணி விட்டு, இடுப்புப் பட்டியை ஒரே துண்டாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? கால் விரியும், பட்டி விரியாது. பட்டியையும் ரெண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அதே ஒன்றரை இஞ்சு விடுங்கள். இடது காலுக்கு இடது பட்டி, வலது காலுக்கு வலது பட்டி என்று முதலில் சேர்த்துவிட்டு, கடைசியாகப் பட்டியின் மேல் விளிம்பிலிருந்து கவட்டை வரை ஒரே ஓட்டமாகப் பின் தையலைப் போடுங்கள். பிரிக்கும்போது அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும். நடுவில் வரும் பெல்ட் லூப்பை மட்டும் கழற்றி மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

இறக்க முடியாத அளவு ஒன்று இருக்கிறது. கவட்டையிலிருந்து இடுப்பு வரை உள்ள உயரம். அதற்கு எங்கேயும் துணி ஒளித்து வைக்க வழியில்லை. அதில் மட்டும் வெட்டும்போதே அரை இஞ்சு கூட்டிவிடுவேன், வெளியே தெரியாது. கூட்டாவிட்டால் அடுத்த வருடம் அடையாளம் தெரியும்: பையன் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் பட்டி கீழே இறங்கும், சட்டை வெளியே வரும், கொஞ்ச நாளில் கவட்டையில் கிழிசல் வரும். அப்படி வருகிற பேண்டில் இடுப்பைப் பிரித்து விட்டுப் பிரயோசனமில்லை. நீளமும் இடுப்பும் சரியாகத்தான் இருக்கும், உயரம்தான் பற்றவில்லை. அம்மாவிடம் புதிதுதான் தைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

கவட்டைத் தையலுக்கு எப்போதும் ரெண்டு ஓட்டம். இந்த வளைவில் துணி குறுக்காக இழுபடும். ஒற்றைத் தையலில் நூல் அறுந்துவிடும். துணியை லேசாக இழுத்துப் பிடித்து ஓட்டினால் தையலும் கொஞ்சம் கொடுக்கும். பட்டி அருகே ஒற்றை ஓட்டம் போதும், அது பிரிக்க வேண்டிய இடம்.

பெண் பிள்ளைகளின் உடுப்பு

சின்னப் பிள்ளைகளின் பினோஃபருக்கு வழி எளிது. கீழே நாலு இஞ்சு மடிப்பு, பக்கவாட்டில் ஒன்றரை இஞ்சு, இடுப்பில் மேல்பாகமும் பாவாடையும் சேரும் இடத்தில் ஒரு இஞ்சு. தோளில் மட்டும் கூட்டாதீர்கள். தோள் பெரிதாக இருந்தால் வேறெங்கே சரியாக இருந்தாலும் இரவல் வாங்கிப் போட்டது போலத்தான் தெரியும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் சுடிதார். இந்த வயதில் ஒரே வருடத்தில் மார்பு அளவு ரெண்டு இஞ்சு மாறிவிடும். டாப்ஸின் பக்கத் தையலில் ஒன்றரை இஞ்சு விடுவது எல்லாருக்கும் தெரியும். கையில் விட மறந்துவிடுவார்கள். பக்கத் தையலும் கையின் அடித் தையலும் அக்குளில் சந்திக்கின்றன. பக்கத்தைப் பிரித்து விட்டு, கையில் விடத் துணி இல்லையென்றால் அக்குளில் ரெண்டும் சேராது. அங்கே முக்கோணத் துண்டு ஒன்று வைத்து ஒட்டுப் போட வேண்டிவரும். கையைத் தூக்கினால் அந்த ஒட்டு தெரியும், அந்த வயதுப் பிள்ளை அதைப் போட மாட்டாள். எனவே உடம்பில் எவ்வளவோ கையிலும் அவ்வளவு. கையைத் தைத்த வரிசையும் முக்கியம். கையை முதலில் தோள் வளைவில் சேர்த்துவிட்டு, கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்பு ஓரம் வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தைப் போட்டால் பின்னால் ஆல்ட்ரேஷன் பத்து நிமிட வேலை. இந்த இடத்தில் ஓவர்லாக் போடும்போது கத்தி கூடுதல் துணியை வெட்டித் தள்ளிவிடாமல் ஓரத்தை மட்டும் பிடித்து ஓட்டுங்கள். புதிதாக வந்த பையன் ஒருவன் சுத்தமாக இருக்கட்டும் என்று மொத்த வளர்த்தியையும் ஓவர்லாக்கில் வெட்டிவிட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவனை என்ன திட்டுவது, நான் சொல்லவில்லை.

பிரிக்கும் நாள்

அந்த ஏழாம் வகுப்புப் பையன் அடுத்த ஜூனில் வருகிறான். பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அளந்தால் ஒன்றே முக்கால் இஞ்சு இறக்க வேண்டும். உள்ளே இருந்தது 3½, இறக்கியபின் மடிப்புக்கு மிச்சம் ஒன்றே முக்கால். கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால் பிரித்ததும் ரெண்டு பிரச்சினை கண்ணில் படும்.

ஒன்று, பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு. ஷூவிலும் தரையிலும் உரசி அந்த விளிம்பில் சாயம் போயிருக்கும், அழுக்கும் ஏறியிருக்கும். இன்னொன்று, உள்ளே இருந்த துணி வெயில் காணாததால் புதுசு போல அடர்த்தியாக இருக்கும். மேலே கால் வெளுத்திருக்கும்.

அழுக்கு போகும், சாயம் திரும்பாது. முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு அந்தக் கோட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மடிப்புத் தடம் மட்டும் நிற்கிறதென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து, கோட்டின் மேல் வைத்து அயர்ன் பண்ணினால் பெரும்பாலும் படிந்துவிடும். உள்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கருநீலத் துணியில் நேராக அயர்னை வைத்தால் பளபளப்பு ஏறிவிடும், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். விளிம்பு நூல் நூலாகத் தேய்ந்திருந்தால் மறைப்பதுதான் வழி. பாவாடை என்றால் அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிலும் ஒரு டக் பிடித்துவிடலாம், டிசைன் போலிருக்கும். பேண்டில் அது முடியாது.

இதையெல்லாம் பிரிப்பதற்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டும். "கோடு கொஞ்சம் தெரியும்மா, நாலஞ்சு துவைப்புல நிறம் ஓரளவு சேந்துக்கிடும்." இப்படிச் சொல்லிப் பிரித்தால் ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. சொல்லாமல் பிரித்தால் அந்தக் கோட்டை நாம் போட்டதாகத்தான் நினைப்பார்கள்.

ரெண்டாவது தடவையும் இறக்கக் கேட்டால், மிச்சமிருக்கும் ஒன்றே முக்காலில் ஒன்றேகால் இஞ்சு வரை இறக்கி, மடிப்புக்குப் பதிலாக உள்பக்கம் வேறு துணியில் பட்டி வைத்துத் திருப்பலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

பெரிய அளவில் வந்து சேரும் ரெடிமேட்

சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வருடத்துக்கு 4 செட் சீருடை தருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருபவை. சைஸ் கணக்கில் தைப்பதால் ஒல்லிப் பிள்ளைக்குத் தொளதொளப்பாக இருக்கும், ஆல்ட்ரேஷனுக்கு நம்மிடம் வரும். இங்கேயும் கத்தரி போடாதீர்கள். இடுப்பை ஒன்றரை இஞ்சு வரை பின் தையலில் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் ரெண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும், பக்கத் தையலும் பின்னால் திரும்பும். மூணு இஞ்சு குறைக்க வேண்டுமென்றால் பட்டியின் உள்பக்கத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு இடத்தில் பிரித்து, முக்கால் இஞ்சு அகல எலாஸ்டிக்கைக் கோத்து, ரெண்டு முனையையும் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். வேலை குறைவு, பிள்ளை வளர வளர அதுவே கொடுக்கும். நீளத்தையும் வெட்டாமல் உள்ளே மடித்தால் போதும்.

கலக்காமல் இருக்க

தையலைவிட எனக்கு அதிகம் அடி கொடுத்தது துணி கலந்ததுதான். கடை ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஒரே பள்ளிக்கூடத்துப் பேண்ட் துணி ஆறு ஒன்றாக வெட்டினேன். எல்லாம் சாம்பல் நிறம், ஆனால் வேறு வேறு நாளில் வாங்கியவை, வேறு வேறு பீஸிலிருந்து கிழித்தவை. ட்யூப் லைட்டில் ஒன்றுபோலத்தான் இருந்தது. முன்கால் ஒருவனுடையது, பின்கால் இன்னொருவனுடையது என்று சேர்த்துத் தைத்துவிட்டேன். மறுநாள் அசெம்பிளியில் வெயிலில் நின்றபோதுதான் ஒரே பேண்டில் ரெண்டு சாம்பல் தெரிந்திருக்கிறது. ரெண்டு பேண்டுக்கும் துணி நானே வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து வெட்டியவுடன் ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் சாக்குக்கட்டியால் பில் எண்ணை எழுதிவிடுவேன். பட்டி, பாக்கெட் என்று சின்னத் துண்டாக இருந்தாலும் எழுத வேண்டும். ஷேடு பார்ப்பதென்றால் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்று, ஒரு நோட்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் துணித் துண்டு ஒன்றை ஒட்டி, பட்டன் ஒன்றைக் கட்டி, மடிப்பு எத்தனை, பாக்கெட் எந்தப் பக்கம், பேட்ஜ் எவ்வளவு உயரத்தில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாக்களின் நினைவை நம்ப வேண்டாம். போன வருடத்து மடிப்பைச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் இந்த வருடம் மாற்றியிருக்கும்.

ஜூன் முதல் வாரம் எப்படியும் இடிதாங்கி வாரம்தான். பள்ளி திறப்புக்குப் பத்து நாள் முன்னாடியே புதுத் துணி தைக்க வாங்கி வைப்பதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பத்து நாளில் ஆல்ட்ரேஷன் மட்டும் எடுக்கலாம். அதையும் நூல் நிறவாரியாகப் பிரித்துப் போட்டு, காலையில் நீலம், மத்தியானம் மெரூன் என்று ஓட்டினால் நூலும் பாபினும் மாற்றுகிற நேரம் மிச்சம்.

அளவு எழுதும் பில் புத்தகத்தில் நீளம், இடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: உள்ளே எவ்வளவு விட்டது. "கீழ் 3½, பின் 1½." அடுத்த வருடம் அம்மா வந்து கேட்டால் பிரிக்காமலே பதில் சொல்லலாம். பில் இல்லையென்றால் மடிப்பை விரலால் தடவிப் பார்த்து அளக்க வேண்டியதுதான்.

அந்த ஏழாம் வகுப்புப் பையனின் பேண்ட் மூன்றாவது வருடமும் கடைக்கு வந்தது. அண்ணனுக்குக் கவட்டை உயரம் பற்றவில்லை, தம்பிக்கு வேண்டுமாம். இறக்கியதை மறுபடி பழைய இடத்துக்கே மடித்தேன். வெள்ளைக் கோடு சரியாக விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. ஷூவுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.